பெரிய மேடும் சின்ன முடிச்சும்

ஏழாம் மாதத்தில் பல கர்ப்பிணிகளைத் திடுக்கிட வைக்கும் காட்சி ஒன்று உண்டு. மல்லாந்து படுத்திருந்தவர் அப்படியே நிமிர்ந்து எழப் பார்ப்பார். மார்புக்கூட்டுக்குக் கீழே தொடங்கித் தொப்புள் வரை, வயிற்றின் நட்ட நடுவில், நீளவாக்கில் ஒரு மேடு புடைத்துக்கொண்டு நிற்கும். தலையைச் சாய்த்துப் படுத்ததும் அது இருந்த இடம் தெரியாது. குழந்தையின் முதுகு என்று சிலர் நினைப்பார்கள், குடல் வெளியே வருகிறது என்று சிலர் பயப்படுவார்கள். இரண்டுமே இல்லை. நடுவயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு எழும் அந்த மேடு, பார்க்கத்தான் பயம். அதைவிடக் கவனித்துப் பார்க்க வேண்டியது தொப்புளின் ஓரத்தில் விரல் நுனி அளவுக்குத் தோன்றும் முடிச்சு. அதைப் பெரும்பாலோர் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டும் ஒரே கோட்டில் நடப்பவை என்பதால்தான் இந்தக் குழப்பம். வயிற்றின் முன்புறம் இடமும் வலமுமாக இரண்டு பட்டைத் தசைகள் நெஞ்செலும்பிலிருந்து அடிவயிற்று எலும்பு வரை நேராக இறங்குகின்றன. உடற்பயிற்சிக் கூடத்தில் ‘சிக்ஸ் பேக்’ என்று சொல்வது இவற்றைத்தான். இரண்டும் நடுவில் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. இடையில் உறுதியான நார்த்திசுப் பட்டை ஒன்று இருக்கிறது. வெளிறிய நிறத்தில் இருப்பதால் மருத்துவர்கள் அதை வெண்கோடு என்பார்கள். கருவே உண்டாகாத பெண்களிடமும் தொப்புளுக்குச் சற்று மேலே இந்தக் கோடு 2 செ.மீ. வரை அகலமாக இருக்கலாம். ஆகவே நடுவில் ஓர் இடைவெளி இருப்பதே நோய் ஆகாது.

தொப்புள் இந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கருவில் இருக்கும்போது கொடியின் ரத்தக் குழாய்கள் நுழைவதற்காக அங்கே ஒரு வளையம் திறந்திருக்கும். பிறந்து கொடி வற்றி விழுந்ததும் வளையம் தழும்பாகி மூடிக்கொள்ளும். வயிற்றுச் சுவரின் மற்ற இடங்களில் தசை, நார், கொழுப்பு என்று அடுக்கடுக்காக இருப்பதெல்லாம் இந்த ஓர் இடத்தில் மட்டும் மெலிந்து, தோலுக்கு அடியில் தழும்பும் வளையமுமாகவே இருக்கிறது. வயிறு விரியும்போது முதலில் அடையாளம் காட்டுவது இங்கேதான் என்பதில் வியப்பில்லை.

கருப்பை 12 வாரத்தில் அடிவயிற்று எலும்புக்கு மேலே எட்டிப் பார்க்கும். 20 வாரத்தில் அதன் உச்சி தொப்புள் மட்டத்துக்கு வரும். 36 வாரத்தில் மார்புக்கூட்டின் விளிம்பைத் தொடும். தொப்புள் மட்டத்தைக் கடக்கும் அந்த ஐந்தாம் ஆறாம் மாதங்களில்தான் ‘தொப்புளைச் சுற்றிச் சுரீர் என்கிறது’ என்று பலர் சொல்லத் தொடங்குவார்கள். குழி மெல்ல ஆழம் குறையும், பிறகு தட்டையாகும். கடைசி மூன்று மாதங்களில் சிலருக்கு உள்ளே இருந்த தோல் வெளியே மலர்ந்துவிடும். புடவைக் கொசுவமோ சுடிதார் நாடாவோ உரசினால் எரியும், தோல் நீண்டு மெலிவதால் அரிக்கும். தொப்புளிலிருந்து அடிவயிறு வரை ஒரு கருங்கோடு ஓடுவதும் பலருக்கு உண்டு. அது ஹார்மோன்களால் தோல் கருப்பது, உள்ளே தசை விலகுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. தொப்புள் மலர்வதை வைத்து ஆணா பெண்ணா என்று கணிப்பவர்களும் இருக்கிறார்கள். சரியாக வர அவர்களுக்கும் பாதி வாய்ப்பு உண்டுதானே. குழந்தை பிறந்த சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தொப்புள் உள்ளே போய்விடும். சிலருக்கு முன்பைவிட அகன்று, மேல்விளிம்புத் தோல் சற்றுத் தொங்கினாற்போல நின்றுவிடுவதுண்டு. சீழோ துர்நாற்றமோ இருந்தால் மட்டும் அது தொற்று, காட்டிவிட வேண்டும்.

கர்ப்பிணி எழும்போது தெரிந்த மேட்டுக்கு வருவோம். கருப்பை முன்னால் தள்ளத் தள்ள, பட்டைத் தசைகள் இரண்டும் பக்கவாட்டில் விலகுகின்றன. இடையில் உள்ள வெண்கோடு அகலமாகிறது, மெலிகிறது. கர்ப்பகால ஹார்மோன்கள் நார்த்திசுக்களை இளக்குவதால் அது இன்னும் எளிதாக இழுபடுகிறது. தலையைத் தூக்கியதும் இரண்டு தசைகளும் இறுகும், வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், நடுவில் மெலிந்த பட்டை வெளியே தள்ளிக்கொள்ளும். மேடு அவ்வளவுதான். இது யாரோ சிலருக்கு வருவதும் இல்லை. போர்ச்சுகலில் முதல் முறை கருவுற்ற பெண்களை ஸ்கேன் செய்து தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வெளியானது. 35ஆவது வாரத்தில் அவர்கள் அத்தனை பேருக்குமே விலகல் இருந்தது. பிரசவமான ஆறு மாதத்தில் 39 சதவீதத்தினருக்கு மட்டுமே மிஞ்சியிருந்தது. நார்வேயில் விரலால் தொட்டு அளந்து 300 பெண்களைத் தொடர்ந்த இன்னொரு ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு விலகல் நீடித்தது. ஆனால் விலகல் இருந்தவர்களுக்கு இல்லாதவர்களைவிட இடுப்புவலி அதிகம் இருக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வரும் எல்லா இடுப்புவலிக்கும் ‘தசை விலகிடுச்சு’ என்று காரணம் சொல்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

விலகலுக்கும் குடலிறக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பழைய வேட்டியை வைத்துச் சொல்லிவிடலாம். துவைத்துத் துவைத்து நைந்த வேட்டியில் எதிர்ப்பக்கம் தெரியும், ஆனால் கைவிட்டால் விரல் மறுபக்கம் வராது. கிழிந்த வேட்டியில் ஓட்டை சிறிதாக இருந்தாலும் விரல் நுழைந்துவிடும். விலகல் நைந்த துணி. எவ்வளவு அகன்றாலும் அங்கே ஓட்டை இல்லை, எனவே எதுவும் சிக்கிக்கொள்ளவும் வழியில்லை. குடலிறக்கம் என்பது கிழிசல். ஹெர்னியா என்று எல்லோரும் சொல்வது இதையே. தொப்புள் வளையத்தில் தழும்பு விரிந்து துளையாகி, அதன் வழியே வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்போ, அரிதாகக் குடலோ, தோலுக்கு அடியில் வந்து நிற்கும். துளையின் அளவில் ஒரு முரண் இருக்கிறது. அகலமான துளை வழியே உள்ளே இருப்பது எளிதாக வந்து எளிதாகத் திரும்பிவிடும். குறுகலான துளையில் ஒருமுறை நுழைந்தது வீங்கிவிட்டால் திரும்ப வழி கிடைக்காமல் நெரிபடும். சின்ன முடிச்சாக இருக்கிறதே என்று அலட்சியம் செய்யக்கூடாது என்று அறுவைசிகிச்சை மருத்துவர்கள் சொல்வது அதனால்தான்.

ஒரு பெண்ணின் கதையை எடுத்துக்கொள்வோம். எந்த ஒரு தனிப்பட்டவரையும் குறிப்பதில்லை, மகப்பேறு மருத்துவமனைகளில் வழக்கமாகக் காணக்கூடிய போக்கு இது. வயது 30, இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை சுகப்பிரசவம், அதன்பின் உடல் எடை கொஞ்சம் கூடியிருக்கிறது. 22ஆவது வாரத்தில் குளிக்கும்போது தொப்புளின் மேல்விளிம்பில் மெத்தென்று ஒரு முடிச்சு கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை. இருமினால் விரலைத் தள்ளுகிறது, படுத்து லேசாக அழுத்தினால் உள்ளே போய்விடுகிறது, போன இடத்தில் வட்டமான விளிம்பு ஒன்று தெரிகிறது. குடலிறக்கத்தை அடையாளம் காட்டும் கூறுகள் இவைதாம். வெறுமனே மலர்ந்த தொப்புளில் தோல் மட்டும்தான் வெளியே இருக்கும், உள்ளே தள்ளினால் எதுவும் ‘போகாது’, வட்ட விளிம்பும் அகப்படாது. சந்தேகமாக இருந்தால் ஸ்கேன் சொல்லிவிடும். இவருக்குத் துளை 1.2 செ.மீ., உள்ளே வந்திருப்பது கொழுப்பு மட்டும்.

‘இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம்’ என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் வரும். ஆனால் அந்த முடிவுக்குக் காரணம் இருக்கிறது. துளையைத் தைத்தாலும் அடுத்த நான்கு மாதமும் அதே சுவர் விரிந்துகொண்டே போகப்போகிறது, தையல் தாங்குவது கடினம். இன்னொரு பக்கம், கருப்பை வளர வளர குடல்களை மேலேயும் பக்கவாட்டிலும் ஒதுக்கிவிடுகிறது. கடைசி மாதங்களில் தொப்புளுக்கு நேர் பின்னால் நிற்பது பெரும்பாலும் கருப்பையே. துளைக்கு அது கதவாகிவிடுகிறது. அதனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் குடல் சிக்குவது அரிது. அரிது என்றுதான் சொல்ல முடியும், வராது என்று சொல்ல முடியாது. ஆகவே அவரிடம் ஒரு பட்டியலைச் சொல்லி அனுப்புவார்கள். முடிச்சு திடீரென்று கல்லாக இறுகினால், படுத்தும் உள்ளே போகாவிட்டால், விடாமல் வலித்தால், மேலே உள்ள தோல் சிவந்தோ நீலம் பாய்ந்தோ போனால், வாந்தி நிற்காமல் வந்தால், காற்றும் மலமும் போகாமல் வயிறு உப்பினால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. மணிக்கணக்கில் நெரிபட்டால் சிக்கிய குடலுக்கு ரத்தம் போகாமல் அழுகத் தொடங்கும். கர்ப்பமாக இருந்தாலும் அப்போது உடனே அறுவைசிகிச்சை செய்வார்கள். செய்யாமல் விடுவதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் பெரிய ஆபத்து. அதை வீட்டிலேயே அழுத்தி உள்ளே தள்ளப் பார்ப்பதும் தவறு. மற்ற நேரத்தில் மெதுவாகப் போகிற முடிச்சு, வலியோடு இறுகியிருக்கும்போது பலவந்தமாகத் தள்ளினால் நைந்த குடலும் சேர்ந்து உள்ளே போய்விடலாம்.

இந்தக் காலத்தில் அவர் செய்துகொள்ள வேண்டியது பெரிதாக எதுவுமில்லை. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, இருமல் நீடித்தால் அதற்கு மருந்து எடுத்துக்கொள்வது, தண்ணீர்க் குடத்தையும் மூத்த குழந்தையையும் ஒரே மூச்சில் தூக்காமல் இருப்பது. எழுவதில் மட்டும் ஒரு முறை உண்டு. மல்லாந்த நிலையிலிருந்து நேராக நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி எழ வேண்டும். இங்கே நம் வீடுகளின் வழக்கம் ஒன்று குறுக்கே வரும். இரவில் புரண்டு படுத்தால் குழந்தைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும், எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்ப வேண்டும் என்பார்கள். கொடி சுற்றுவது குழந்தை உள்ளே அசைவதைப் பொறுத்தது, தாய் புரள்வதைப் பொறுத்ததில்லை. இரவில் பத்து முறை மல்லாந்து எழுந்து உட்காரும் ஒரு கர்ப்பிணியின் வயிற்றுச் சுவருக்கு அது தேவையில்லாத வேலை.

30ஆவது வாரத்தில் அவருடைய தொப்புள் முழுவதுமாக மலர்ந்துவிட்டது, முடிச்சு தனியாகத் தெரியவில்லை. போய்விட்டது என்று மகிழ்ந்தார். போகவில்லை, மறைந்திருந்தது. 39ஆவது வாரத்தில் சுகப்பிரசவம். தொப்புள் துளை ஒன்றுக்காக மட்டும் சிசேரியன் செய்யத் தேவையில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும், இதற்குப் பயந்தே அதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தை வந்ததும் கதவாக நின்ற கருப்பை சுருங்கி இறங்கியது, குடல்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. பத்து நாளில் முடிச்சு மறுபடி வந்தது, முன்பைவிடச் சற்றுப் பெரிதாக. கர்ப்ப காலத்தில் ஒன்றுமே தெரியாத சிலருக்குக் குடலிறக்கம் முதல் முறை கண்ணில் படுவதும் இந்த வாரங்களில்தான்.

கூடவே தாய் வீட்டில் துணி கட்டும் படலம். ‘நூல் சேலையை நாலா மடிச்சு இறுக்கிக் கட்டுடி, இல்லேன்னா வயித்துல காத்து புகுந்துடும், தொங்கிப்போயிடும்’ என்று அம்மா சொல்ல, மருந்துக்கடையில் பெல்ட் விற்பவரும் ஏறக்குறைய அதையே சொல்வார். வயிற்றுக்குள் வெளிக்காற்று புகாது. துணி கட்டினால் நடக்க, இரும, எழச் சுகமாக இருக்கும், சிசேரியன் ஆனவர்களுக்குத் தையல் வலி குறையும். இதெல்லாம் உண்மையான நன்மைகளே, அதற்காகக் கட்டிக்கொள்வதில் குறையில்லை. ஆனால் விலகிய தசையைத் துணி சேர்த்து வைக்கும் என்பதற்குச் சான்று போதாது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இடுப்படித் தசைகள் மேல் இறங்கும், ஏற்கெனவே பிரசவத்தில் தளர்ந்திருக்கும் அவற்றுக்கு அது நல்லதல்ல. குடலிறக்கம் உள்ளவர்கள் முடிச்சு வெளியே இருக்கும்போதே மேலே இறுக்கிக் கட்டக் கூடாது. படுத்து, முடிச்சு உள்ளே போன பிறகுதான் கட்ட வேண்டும்.

ஆறாவது வாரப் பரிசோதனையில் விலகலைப் பார்த்தார்கள். இதை வீட்டிலும் பார்க்கலாம். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களைத் தரையில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒரு கையின் விரல்களைத் தொப்புளுக்கு மேலே குறுக்காக, கால்பக்கம் பார்த்தபடி வைத்து, தலையை மட்டும் தூக்க வேண்டும். இரண்டு பக்கமும் தசை விளிம்புகள் இறுகி விரல்களை நெருங்கும். நடுவில் எத்தனை விரல் போகிறது என்பது அகலம். தொப்புள் மட்டத்திலும், அதற்கு மேலும் கீழும் சுமார் நான்கு விரற்கடை தள்ளியும் பார்க்க வேண்டும். இரண்டு விரலுக்கு மேல் போனால் விலகல் என்பது நடைமுறைக் கணக்கு. எண்ணிக்கையோடு இன்னொன்றையும் கவனிப்பார்கள் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட்டுகள். விரல் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, அடியில் உள்ள பட்டை தலை தூக்கும்போது விறைக்கிறதா, தளதளவென்றே இருக்கிறதா என்பது. இரண்டரை விரல் அகலத்தில் விறைப்பாக இருக்கும் கோடு, இரண்டு விரல் அகலத்தில் தொய்ந்து கிடக்கும் கோட்டைவிட நன்றாக வேலை செய்யும். நம் பெண்ணுக்குத் தொப்புளுக்கு மேலே மூன்றரை விரல்.

தானாகக் கூடுவது பெரும்பாலும் முதல் எட்டு வாரங்களில் வேகமாக நடக்கும், பிறகு மெதுவாகும். பயிற்சியில் ஒரு காலத்தில் ‘தலை தூக்கும் பயிற்சியே கூடாது, இடைவெளி இன்னும் அகலமாகிவிடும்’ என்று கண்டிப்பாகச் சொல்லி வந்தார்கள். ஸ்கேன் வைத்து அளந்து பார்த்தபோது தலை தூக்கும் நேரத்தில் இடைவெளி குறைவதுதான் தெரிந்தது. நார்வேயில் பிரசவமாகி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் இருந்த, விலகல் கொண்ட பெண்களை வைத்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வும் அதை உறுதி செய்தது. 12 வாரம் தலைதூக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு இடைவெளி மோசமாகவில்லை. அது மூடவும் இல்லை. தசையின் பலம் கூடியது. எனவே பயிற்சியின் நியாயமான எதிர்பார்ப்பு இதுதான்: எழவும் தூக்கவும் நடக்கவும் பலம் வரும், இடைவெளி மறைவதற்கு உறுதி இல்லை. ‘21 நாளில் வயிற்றை மூடும்’ வீடியோக்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது. பயிற்சியின்போது நடுவில் மேடு கூராக எழுந்தால் அந்த அளவு இப்போதைக்கு அதிகம், குறைத்துக்கொள்ள வேண்டும். குடலிறக்கம் சேர்ந்து இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து அவரைப் பார்த்தால், மூன்றரை விரல் இடைவெளி இரண்டு விரலாகச் சுருங்கியிருக்கிறது. முடிச்சு அப்படியே இருக்கிறது. நைந்த துணி ஓரளவு இறுகும், கிழிசல் தானாகச் சேராது. பச்சைக் குழந்தைகளின் தொப்புள் குடலிறக்கம் பெரும்பாலும் வளர வளர மூடிக்கொள்வதால், பெரியவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்கு அறுவைசிகிச்சை ஒன்றே வழி. அவசரம் இல்லாதபோது அதை எப்போது செய்வது என்பதே அவர் முன் இருந்த கேள்வி. அதற்கு விடை துளையின் அளவைவிட, ‘இன்னொரு குழந்தை வேண்டுமா?’ என்பதில் இருந்தது.

காரணம், சிறிய துளையைத் தையல் போட்டு மூடலாம், அல்லது மெஷ் எனப்படும் வலையை வைத்து மூடலாம். 1 முதல் 4 செ.மீ. வரையிலான தொப்புள் துளைகளை இரண்டு முறையிலும் மூடி ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2018இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் தையல் மட்டும் போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்குத் திரும்ப வந்தது, வலை வைத்தவர்களில் 4 சதவீதத்தினருக்கு. வலைதான் உறுதி. ஆனால் மறுபடி கருவுற்றால் அந்த வலை வயிற்றோடு சேர்ந்து விரியாது, சிலருக்கு இழுத்து வலிக்கும். தையல் மட்டும் போட்டிருந்தாலோ அடுத்த கர்ப்பம் அதைப் பிரித்துவிட வாய்ப்பு கூடுதல். அதனால் இன்னொரு குழந்தை வேண்டும் என்பவர், தொந்தரவு இல்லாத குடலிறக்கத்தை அதுவரை விட்டுவைத்து, பிள்ளைப்பேறு எல்லாம் முடிந்தபின் வலை வைத்துக்கொள்வதே மேல் என்று பெரும்பாலான அறுவைசிகிச்சை மருத்துவர்கள் சொல்வார்கள். வலியும் அடிக்கடி சிக்கும் குணமும் இருந்தால் அடுத்த கருவுக்கு முன்பே சரிசெய்வார்கள். விலகலையும் சேர்த்துத் தைப்பதா என்பதும் அப்போது பேச்சில் வரும். அகன்ற கோட்டின் நடுவே இருக்கும் துளையை மட்டும் அடைத்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், விலகல் பெரிதாக உள்ளவர்களுக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்வதுண்டு. விலகலுக்கு மட்டும் அறுவை கேட்பவர்களை, குறைந்தது ஆறு மாதமாவது பயிற்சி செய்து பார்த்துவிட்டு வரச் சொல்வார்கள்.

அவரும் கணவரும் இரண்டு குழந்தை போதும் என்றார்கள். ஒன்பதாம் மாதத்தில் குழந்தை கஞ்சி, இட்லி என்று தொடங்கிய பிறகு நாள் குறித்தார்கள். 1.2 செ.மீ. இருந்த துளை 1.8 செ.மீ. ஆகியிருந்தது. வலை வைத்து மூடியதும் மறுநாள் வீட்டுக்குப் போனார். ஆறு வாரம் வரை கனமான எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மூத்தவளிடம் ‘அம்மா தூக்க மாட்டேன், பக்கத்துல வந்து உட்காரு’ என்று சொல்லிச் சமாளிப்பதுதான் அவருக்கு அறுவையைவிடக் கஷ்டமாக இருந்தது.